படம் வரைய முடியுமா என்று கேட்டால் ஏஐ என்ன பதில் சொல்ல வேண்டும்? நேரில் பார்த்தவற்றைப் பகிருங்கள்

பாரிமுனை டிசைனர்

ஆண்டர்சன் தெருவில் அழைப்பிதழ் அடிக்கும் ஒரு கடையில் நடந்தது. கடையின் வாட்ஸப் எண்ணில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு சாஃப்ட்வேர்காரர் ஏஐ பொருத்திக் கொடுத்திருக்கிறார். விலை, தாள் வகை, டெலிவரி தேதி எல்லாம் ஒழுங்காகச் சொல்லும். ஒரு வாடிக்கையாளர் அம்மா, "வளைகாப்புக்குப் படம் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். தாராளமாக என்று பதில் வந்தது. மஞ்சள் பின்னணி, ஓரத்தில் கண்ணாடி வளையல், 5×7 அங்குலம் என்று எல்லா விவரமும் வாங்கிக்கொண்டது. பிறகு, படம் தயாராகிறது, ஐந்து நிமிடம் பொறுங்கள் என்றது. ஒன்றும் வரவில்லை. மறுபடி கேட்டதும் மன்னிப்புக் கேட்டு ஒரு லிங்க் கொடுத்தது. அதைத் திறந்தால் வெற்றுப் பக்கம். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது, அந்த அம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்.

இது பொய்யா, அறியாமையா? தனக்கு வசதி இருக்கிறதா என்று அதற்கே தெரியாதென்றால், நேர்மையான பதில் எப்படி இருக்க வேண்டும்?

தரமணி டெஸ்டர்

சார், முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏஐ மாடல் தன்னைத் தானே திறந்து பார்த்து "எனக்குப் படம் வரையும் வசதி இருக்கிறது" என்று சொல்வதில்லை. ஒவ்வொரு உரையாடலின் தலையிலும் அதைப் பொருத்தியவர் சில வரிகள் எழுதி அனுப்புவார். கூடவே எந்தெந்த டூலைக் கூப்பிடலாம் என்ற பட்டியலும் போகும். மாடலுக்குத் தன் வசதிகளைப் பற்றி அந்த நேரத்தில் கிடைக்கும் சாட்சி அவ்வளவுதான். மீதியெல்லாம் பயிற்சியில் படித்த எழுத்திலிருந்து எழும் ஊகம்.

அந்தப் பட்டியலில் படம் வரையும் டூல் இருந்தால் "இருக்கிறது, முயல்கிறேன்" என்று சொல்லலாம். இல்லாவிட்டால், பெரும்பாலும் முடியாது. குழப்பம் மூன்றாவது நிலையில்தான் வருகிறது. சில செயலிகளில் மாடலுக்கு வெளியே ஒரு அடுக்கு இருக்கும். "படம்", "வரை" போன்ற சொற்களைப் பார்த்ததும் அது கேள்வியை வேறொரு படம் வரையும் மாடலுக்குத் திருப்பிவிடும். உரையாடும் மாடலுக்கு இது தெரியவே தெரியாது. "எனக்குத் தெரிந்து இங்கே இல்லை, ஆனால் இந்தச் செயலியில் தனியாக இருக்கலாம்" என்பது அங்கே மழுப்பல் இல்லை, உள்ள நிலவரம் அதுதான்.

நீங்கள் சொன்ன சம்பவத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத தவறு "ஐந்து நிமிடம்". மாடல் பதிலை எழுதி முடித்ததும் அதன் வேலை அங்கேயே நின்றுவிடும். அடுத்த செய்தி போகிற வரை பின்னால் எதுவும் ஓடாது. நேரம் எடுக்கும் வேலையைப் பின்னணியில் ஓடவிடும் செயலிகளும் உண்டு. ஆனால் அங்கே திரையில் அதற்கான அடையாளம் தெரியும், வெறும் வாக்குறுதியாக இருக்காது. அந்த லிங்கும் அப்படித்தான். படக் கோப்பு எதுவும் உருவாகவில்லை. லிங்க் மாதிரி தோன்றும் எழுத்துகளை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

கே.கே. நகர் வாசகி

இதற்கு இவ்வளவு விளக்கம் வேண்டுமா? காசு கட்டிய திட்டத்தில் படம் வரும், இலவசத்தில் வராது. ஏஐயிடம் கேட்பதே வீண். என்ன பிளான் வாங்கியிருக்கிறோம் என்று பார்த்தால் போதும்.

தரமணி டெஸ்டர்

பாதி சரி, மேடம். ஏஐயின் வாய்ச்சொல்லைவிட பிளான் விவரம் நம்பகமானது. ஆனால் காசு கட்டினாலும் அலுவலகக் கணக்கில் நிர்வாகி அணைத்து வைத்திருக்கலாம், அன்றைய அளவு தீர்ந்திருக்கலாம். இலவசத்திலும் ஓரளவு படம் தருகிற செயலிகள் இருக்கின்றன. அதோடு, ஒரே மாடல் அதன் சொந்தச் செயலியில் படம் வரையும், அதே மாடலை ஒரு கடையின் வாட்ஸப்பில் இணைத்தால் வரையாது. வசதி மாடலோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்தது.

அம்பத்தூர் கணக்கர்

நம்ம பிரச்சினையும் இதேதான். சப்ளையர் பில்லை போட்டோ எடுத்து அனுப்பினால் தொகையைச் சரியாகச் சொல்கிறது. "பணம் பெறப்பட்டது" சீல் இருக்கிறதா என்று கேட்டால் ஒரு நாள் இருக்கிறது என்கிறது, ஒரு நாள் இல்லை என்கிறது. படம் வசதி ஆன் ஆகியிருக்கிறதா இல்லையா? எங்கே போய் ஆன் பண்ணுவது?

தரமணி டெஸ்டர்

அண்ணா, மேலே பேசுவது படம் வரைவது பற்றி. நீங்கள் கேட்பது படம் பார்ப்பது. இரண்டும் தனித்தனி வசதி. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். "படம் வருமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், எதைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் நல்ல பதிலின் முதல் அடையாளம்.

உங்கள் பில் விஷயத்தில் வேறொன்று நடக்கலாம். சில செயலிகள் படத்தை மாடலுக்கு அனுப்புவதில்லை. நடுவில் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து அதைத்தான் அனுப்பும். அப்போது தொகை சரியாக இருக்கும். சீல், நிறம், கையெழுத்து எல்லாம் ஊகமாகிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைத் தாளில் நான்கு இலக்க எண்கள் இரண்டை எழுதுங்கள். ஒன்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள், மற்றதை நீலப் பேனாவால். கோப்பின் பெயரை `a.jpg` என்று மாற்றி அனுப்புங்கள். `bill_12450.jpg` மாதிரி பெயர் இருந்தால் அதைப் பார்த்தே தொகையைச் சொல்லிவிடக்கூடும். பிறகு, சிவப்பு வட்டத்துக்குள் என்ன எண் என்று கேளுங்கள். ஒருமுறை சரியாகச் சொன்னால் நம்பாதீர்கள், இரண்டில் ஒன்று குருட்டாம்போக்கில்கூட சரியாக வரும். எண்களை மாற்றி நாலைந்து தடவை கேளுங்கள். எண்களைச் சரியாகப் படித்து நிறத்தில் தடுமாறினால் எழுத்து மட்டும்தான் போகிறது. எண்களையே தப்பாகச் சொன்னால் படம் போய்ச் சேரவில்லை, அல்லது மங்கலாகப் போகிறது. ஆன் செய்யும் பொத்தான் உங்கள் பக்கம் இருக்காது, பொருத்தியவரிடம்தான் கேட்க வேண்டும்.

மயிலாப்பூர் ஆசிரியை

தலைகீழாகவும் நடக்கிறதே. பள்ளியில் பிள்ளைகளின் அறிவியல் படங்களைத் திருத்தப் பயன்படுத்தும் ஒரு ஏஐ, தான் எழுத்து மட்டும் கையாளும் மாடல், படம் பார்க்க இயலாது என்று அடக்கமாகச் சொல்லும். அதே உரையாடலில் இலையின் குறுக்குவெட்டுப் படத்தை ஏற்றினால், எந்தப் பாகத்துக்குப் பெயர் எழுதவில்லை என்று சரியாகச் சுட்டிக்காட்டுகிறது. அடக்கமாகப் பேசுவதால் இதை நேர்மை என்று சொல்ல முடியுமா?

தரமணி டெஸ்டர்

முடியாது மேடம், அதுவும் தப்பான பதில்தான். பயிற்சியில் படித்த எழுத்தில் பழையதும் நிறைய கலந்திருக்கும். சாட்ஜிபிடியில் படம் பார்க்கும் வசதி 2023 செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்டதில் "ஏஐ எழுத்தை மட்டும் கையாளும்" என்பது அடிக்கடி வரும். மாடல் அந்தப் பழைய வழக்கத்தைத் தன்னைப் பற்றிய உண்மையாகச் சொல்லிவிடுகிறது. "முடியும்" என்று அடித்துச் சொல்வதும் "முடியாது" என்று அடித்துச் சொல்வதும், கையில் சாட்சி இல்லாதபோது ஒரே தவறுதான்.

பாரிமுனை டிசைனர்

அந்தக் கடை விஷயத்தில் காரணம் கிடைத்துவிட்டது. பொருத்தியவர் பழைய டெமோவிலிருந்து அறிவுறுத்தல் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். "வாடிக்கையாளருக்கு அழைப்பிதழ் படம் வடிவமைத்துக் கொடு" என்று அதில் இருக்கிறது. செலவு கருதி டூலை மட்டும் எடுத்துவிட்டார். இப்போது அனுப்பும் கோரிக்கையில் இருப்பது:

```json
"tools": []
```

தரமணி டெஸ்டர்

அதுதான் சங்கதி. அறிவுறுத்தல் "கொடு" என்கிறது, பட்டியல் காலி. இரண்டும் முரண்படும்போது மாடல் அறிவுறுத்தலின் பக்கம் சாய்ந்து நடித்துக் காட்டலாம். ஐந்து நிமிடம் அங்கிருந்து வந்ததுதான்.

இப்படி முரண்படும்போது வர வேண்டிய பதில் கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்: "படம் வரையும் வசதி இந்த உரையாடலில் எனக்கு இணைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கடையின் அமைப்பில் வேறு வழியாக இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இதுவரை எந்தப் படமும் உருவாகவில்லை. உங்கள் விவரங்கள் இந்த உரையாடலில் இருக்கின்றன, கடைக்காரரிடம் கேட்டால் உறுதியாகச் சொல்வார்."

இதில் ரொம்ப முக்கியம் மூன்றாவது வாக்கியம். தெரியாது என்று மட்டும் சொன்னால் வாடிக்கையாளர் இன்னும் காத்திருப்பார். இதுவரை எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால்தான் அவர் வேறு ஏற்பாடு பார்க்க முடியும். டூல் பட்டியலில் இருந்து, கூப்பிட்டும் படம் வராமல் போனாலும் அப்படித்தான். "முயன்றேன், படம் திரும்பி வரவில்லை" என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். டூல் ஏதாவது பிழைச் செய்தி கொடுத்திருந்தால் அதையும் சொல்லலாம். காரணம் தெரியாமல் "சர்வர் பிஸி" என்று சொல்வது இன்னொரு கட்டுக்கதை.

கே.கே. நகர் வாசகி

கடைக்கு வருகிற அம்மாவுக்கு இவ்வளவு நீளமான பதில் எதற்கு? "இங்கே படம் வராது, கடைக்கு போன் பண்ணுங்க" என்றால் போதும். தெரியவில்லை என்று சொன்னால் கடையின் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும்.

பாரிமுனை டிசைனர்

கடை முதலாளியும் அதையேதான் சொல்கிறார். இப்போது அறிவுறுத்தலில் இந்த வரியைச் சேர்த்தாயிற்று:

```
இந்த எண்ணில் படம் வரையும் வசதி இல்லை. கேட்டால் அப்படியே சொல்.
```

தரமணி டெஸ்டர்

பொருத்தியவருக்கு உறுதியாகத் தெரிந்ததால் அந்த வரி சரி. மாடலும் இனி தயங்க வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு டூலைத் திரும்பச் சேர்த்துவிட்டு இந்த வரியை எடுக்க மறந்தால், வசதி இருந்தும் இல்லை என்று சொல்லும். டூல் பட்டியலை மாற்றுகிறவரே இந்த வரியையும் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மேடம் சொன்ன குறுகிய பதில் கடைக்குப் பொருந்தும். எந்த வாசல் வழியாக வந்தோம் என்று மாடலுக்குத் தெரியாத பொதுச் செயலிகளுக்கு அது ஒத்துவராது என்றே இன்னும் நினைக்கிறேன்.

மயிலாப்பூர் ஆசிரியை

அப்படியென்றால் முதலில் முயன்று பார்த்துவிட்டு பதில் சொல்லலாமே?

தரமணி டெஸ்டர்

டூல் இருந்தால் முயல்வதுதான் நல்லது. ஆனால் படத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் கேட்காமல் முயல்வது சரியா என்பதில் எங்கள் குழுவிலேயே ஒரே கருத்து இல்லை.

பாரிமுனை டிசைனர்

இன்னொரு கேள்வி. டூல் இல்லாமலே ஓரத்து வளையல் வடிவத்தை எஸ்விஜி நிரலாக எழுதிக் கொடுக்கிறதே, அதைப் படம் என்று சொல்லலாமா?

தரமணி டெஸ்டர்

வட்டம், கோடு, வளைவு வைத்து முடிகிற ஓர அலங்காரத்துக்குச் சரியாக வரும். முகமும் புடவை மடிப்பும் எதிர்பார்க்க முடியாது. "படம் வரையும் வசதி இல்லை, ஆனால் எளிய வடிவத்தை எஸ்விஜி நிரலாக எழுதித் தர முடியும்" என்று வித்தியாசத்தை முதலிலேயே சொன்னால் சரி. கோரல்டிராவில் திறக்கும்போது தமிழ் எழுத்து உள்ளே இருந்தால் ஃபான்ட் மாறி உடையலாம். எழுத்தை அதில் எழுதச் சொல்லாதீர்கள், வடிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பெயர்களை நீங்களே அடியுங்கள்.