பாதி வருஷத்துல பட்ஜெட் பத்தலை: ஃபைனான்ஸுக்குக் கவர் மெமோ எப்படி எழுதணும்?

திருவொற்றியூர் யார்டு: கன்டெய்னர் யார்டுல பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கறேன். ஏப்ரல்–மார்ச் பட்ஜெட் 60 லட்சம். செப்டம்பர் முடிய 38 லட்சம் செலவாயிடுச்சு. அதை ரெண்டால பெருக்கினா 76, அதனால 16 லட்சம் கூடுதலா வேணும்னு மெமோ கொடுத்தேன். "கணக்குக்கு அடிப்படை இல்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 38-ல 8 லட்சம் ரீச் ஸ்டாக்கர் இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் போனது. எங்க தப்பு?

மாதவரம் பில்லிங்: ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தீங்களா? அதை விட்டா மறுபடியும் பத்தாம போகும்.

தண்டையார்பேட்டை: நவம்பர்ல திருத்திய மதிப்பீட்டுல சேர்த்து அனுப்புங்க. எங்க ஆபீஸ்ல அப்படித்தான்.

ராயபுரம் கணக்கர்: அது அரசு அலுவலக முறை சார், இவர் கேக்கறது தனியார் கம்பெனிக்கு. ஜிஎஸ்டியும் உள்ளீட்டு வரியா திரும்பக் கிடைச்சா செலவே இல்லை. கிடைக்காத பில்லுக்கு மட்டும் சேர்க்கணும்.

யார்டுக்காரரே, தப்பு அந்தப் பெருக்கல்லதான். ஓவர்ஹால் அடுத்த ஆறு மாசத்துல மறுபடி வராது. அதைக் கழிச்சா வழக்கமான செலவு 30 லட்சம், மாசம் 5. இன்னொரு பக்கம், வரப்போற செலவு அந்த 38-ல தெரியாது. பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு பில் வராதது இருக்கா? மழைக்குத் தண்ணி இறைக்கிற பம்பு வாடகை?

திருவொற்றியூர் யார்டு: இருக்குங்க. டயர் ஆர்டர் 3 லட்சம், பில் அக்டோபர்ல வரும். நவம்பர், டிசம்பர் பம்பு வாடகை 2 லட்சம். ரெண்டும் மாசச் செலவுல சேராது. பயிற்சித் தலைப்புல 1.5 லட்சம் தொடாம கிடக்கு.

ராயபுரம் கணக்கர்: அப்போ 38 + 30 + 3 + 2 = 73. பற்றாக்குறை 13. பயிற்சிப் பணத்தை மாத்திக்க நீங்களே முன்வந்தா, கேக்க வேண்டியது 11.5 லட்சம். இந்தத் தொகை மெமோவோட பொருள் வரியிலேயே வரணும். கீழே இந்த அஞ்சாறு எண்ணும் ஒரு சின்ன அட்டவணையா. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல லெட்ஜர் பக்கமோ ஆர்டர் எண்ணோ போடுங்க, அவங்க சரிபார்க்கறது அதைத்தான்.

அப்புறம், கொடுக்கலைன்னா என்ன ஆகும்னு தேதியோட எழுதுங்க. மீதி 22-ல டயரும் பம்பும் போனா 17. மாசம் 5 வீதம் ஜனவரி நடுவுல தீர்ந்துடும். "பணி பாதிக்கும்"னு மட்டும் எழுதினா அது யாரையும் அசைக்காது.

மாதவரம் பில்லிங்: வெட்டுவாங்கன்னு தெரிஞ்சே 15 கேக்கறது நல்லதில்லையா?

ராயபுரம் கணக்கர்: அட்டவணையைக் கூட்டிப் பார்த்தா 11.5-தான் வரும். மிச்சம் 3.5-க்கு எந்த ஆதாரத்தைக் காட்டுவீங்க?

அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த ஓவர்ஹால் வண்டியோட ஆயுளைக் கூட்டியிருந்தா அது மூலதனச் செலவா மாறலாம். அப்போ 8 லட்சமும் உங்க தலைப்பிலிருந்தே நீங்கி, தேவை 3.5 ஆயிடும்.

திருவொற்றியூர் யார்டு: ஆயுள் கூடிச்சான்னு சர்வீஸ் ரிப்போர்ட்ல இல்லை. பழுது நீக்கம்னுதான் எழுதியிருக்கு. எங்க அக்கவுன்ட்ஸ்ல கேட்டிருக்கேன், அதுவரைக்கும் மெமோவை நிறுத்தி வெச்சிருக்கேன்.