துபாய் ஹோட்டல் வேலை, நாளைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

கார்த்தி89: அவசரம். ஹோட்டலில் வெயிட்டர் வேலை, இண்டர்வியூ முடிந்தது. ட்ரேயில் தண்ணீர் கிளாஸ்களை வைத்து நடக்கச் சொன்னார்கள், சிந்தாமல் நடந்துவிட்டேன். சம்பளம் 1,500 திர்ஹம். ஏஜென்ட் 80,000 ரூபாய் கேட்கிறார், பாதியை நாளைக்கே கட்ட வேண்டுமாம். போடலாமா?

செல்வி: 1,500 பேசிக்கா, மொத்தமா? என்ன விசா?

கடல்காற்று: முதலில் எஸ்டிசிடபிள்யூ பயிற்சி முடித்துவிட்டீர்களா தம்பி? அது இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

செல்வி: அண்ணா, அவர் கேட்பது ஹோட்டல்.

பழையதுபாய்: இந்தக் கேள்வியை வாரம் ஒருவர் கேட்கிறார், பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. ஆஃபர் லெட்டரைப் படித்துப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

கார்த்தி89: மன்னிக்கவும். பேசிக் 800, மீதி 700 அலவன்ஸ் என்று இருக்கிறது. ரூமும் சாப்பாடும் தனி. விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாமாம்.

செல்வி: அந்த 800-ஐத்தான் பார்க்க வேண்டும். கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான் வரும்: முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம். 800-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்குங்கள், 560 திர்ஹம். பேசிக் 1,200 என்றால் அதுவே 840. ஓவர்டைமும் பேசிக்கிலிருந்துதான், மணிக்கூலியோடு 25 சதவீதம் கூட. கையில் வரும் 1,500-ஐ மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஊர் திரும்பும்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

ராஜா_அபுதாபி: நானும் விசிட் விசாவில்தான் போனேன், ஒன்றும் ஆகவில்லை.

பழையதுபாய்: உங்களுக்கு ஆகவில்லை, சரி. என் ரூமில் இருந்த பையனுக்கு மூன்று மாதம் சம்பளமே வரவில்லை. அவனிடம் இருந்தது ஏஜென்ட் அடித்துக் கொடுத்த தாள் மட்டும். விசிட் விசாவில் வேலை செய்வதே அங்கே சட்டவிரோதம் என்பதால் புகார் கொடுக்கவும் பயந்தான்.

ராஜா_அபுதாபி: அது கம்பெனியைப் பொறுத்தது. பத்தாவது பாஸ், பாஸ்போர்ட்டில் வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி வேண்டும் என்ற ஈசிஆர் குறிப்பு இல்லை என்றால் இமைக்ரேட் அனுமதி எல்லாம் தேவையே இல்லை.

செல்வி: பாதி சரி. அனுமதி வாங்கத் தேவையில்லை, ஆனால் ஏஜென்ட் பதிவு செய்திருக்கத்தான் வேண்டும். அவர் பதிவு எண்ணை வாங்கி emigrate.gov.in-இல் தேடுங்கள். பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், 80,000-க்குக் கணக்கே இல்லை. அப்புறம், அந்த நாட்டு மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரைக் கேளுங்கள், அது தமிழிலும் உண்டு. பிறகு போடும் ஒப்பந்தத்திலும் அதே சம்பளம்தான் இருக்க வேண்டும்.

கடல்காற்று: கப்பல் வேலைக்கு ஏஜென்ட் கமிஷனே வாங்கக் கூடாது தெரியுமா? மெடிக்கலும் கடலோடிப் புத்தகமும் பாஸ்போர்ட்டும்தான் நம் செலவு. அதனால்தான் சொன்னேன்.

பழையதுபாய்: வாங்கக் கூடாது என்பதும் வாங்குவதில்லை என்பதும் ஒன்றா? இதை வேறு இழையில் பேசலாம்.

கார்த்தி89: பதிவு எண் கேட்டேன், "நம்பிக்கை இல்லையென்றால் விடுங்கள்" என்றார். பணம் கட்டவில்லை. ஹோட்டலுக்கே நேராக மெயில் போட்டிருக்கிறேன்.