முன்சீப் கோர்ட்டில் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு: அப்பீல் கெடு எதுவரை?

மேலவீதி:
ஜூன் 3-ல் தீர்ப்பு. வீட்டைக் காலி செய்ய 2 மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் 10-ல் நகல் மனு போட்டோம். 16-ல் கட்டணம் கட்டச் சொன்னார்கள், 20-ல்தான் கட்டினோம். 25-ல் நகல் தயார். அந்த 2 மாதம் முடிந்தபிறகு அப்பீல் போடலாமா?

சட்டைப்பை:
90 நாள் இருக்கிறது, அவசரமில்லை. அப்பீல் போட்டாலே எதிர்த்தரப்பு கையைக் கட்டிவிடும்.

கோர்ட்வாசல்:
90 நாள் ஹைகோர்ட்டுக்குப் போகும் முதல் அப்பீலுக்கு. முன்சீப் தீர்ப்பு மேல் சார்பு நீதிமன்றத்துக்குப் போகிறீர்கள் என்றால் 30 நாள்தான். காலி செய்யத் தந்த 2 மாதம் வேறு கணக்கு, அது கெடுவைத் தள்ளிவைக்காது.

தீர்ப்பு நாளை விட்டுவிட்டு எண்ணினால் 30 நாள் ஜூலை 3-ல் முடிகிறது. நகலுக்கான நாட்கள் 10 முதல் 25 வரை 16. சேர்த்தால் ஜூலை 19. ஆனால் கட்டணம் கட்டத் தாமதித்த 4 நாள் உங்கள் கணக்கில்தான் விழும். ஜூலை 15-க்குள் தாக்கல் செய்யுங்கள். இந்தத் தேதிகளெல்லாம் நகலில் எழுதியிருக்கும், ஆபீசில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நகல் தயாரான பிறகு வாங்கப் போகாமல் இருந்த நாளும் கழியாது.

இன்னொன்று: அப்பீல் போட்டதால் மட்டும் நிறைவேற்றம் நிற்காது. அப்பீலோடு, நிறைவேற்றத்துக்குத் தடை கேட்டு சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 41 விதி 5-ல் தனி மனு, பிரமாணப் பத்திரத்தோடு போட வேண்டும். "பெரும் நஷ்டம் வரும்" என்று மொட்டையாக எழுதினால் செல்லாது. காலி செய்ததும் கட்டடத்தை இடித்துவிடுவார்கள், பிறகு அப்பீலில் ஜெயித்தும் பயனில்லை என்று நடப்பை எழுதுங்கள். தாமதிக்கவில்லை, ஜாமீன் தரத் தயார் என்பதும் இருக்க வேண்டும். தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று எதிர்த்தரப்பு முன்பே கேவியட் மனு போட்டிருந்தால் முன்கூட்டியே அவருக்கு நோட்டீஸ் கொடுக்காமல் தடை கிடைக்காது.

கெடு தப்பினால் தாமத மன்னிப்பு மனு முதலில். அப்பீலை விசாரணைக்கு எடுப்பது என்று முடிவாகும்வரை தடை உத்தரவு போட முடியாது. அந்த இடைவெளியில்தான் அமீனா வாசலுக்கு வந்துவிடுவார்.

வரவுசெலவு:
எனக்கு 4 லட்சம் பணத் தீர்ப்பு. இதே வழிதானா?

கோர்ட்வாசல்:
வழி ஒன்றுதான், ஆனால் பண டிக்ரியில் அப்பீல் கோர்ட் சொல்லும் கெடுவுக்குள் தொகையைக் கட்டவோ ஜாமீன் தரவோ வேண்டும். செய்யாவிட்டால் தடை கிடையாது.

மேலவீதி:
தடை கிடைத்தபிறகு அதன் நகல் கீழ்க்கோர்ட் போய்ச் சேர நாளாகுமே?

கோர்ட்வாசல்:
உத்தரவு கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் அமலாகும். அதற்குள் ஆபத்து என்றால், தடை பிறப்பிக்கப்பட்டது தனக்கு நேரில் தெரியும் என்று அப்பீல்தாரர் கீழ்க்கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம், அதை ஏற்று நிறுத்துவார்கள்.

சட்டைப்பை:
90 நாள் என் தவறு. மாதாமாதம் வாடகையும் கட்டச் சொல்வார்களோ?

கோர்ட்வாசல்:
சொல்வதுண்டு. எவ்வளவு என்பது நீதிபதி கையில்.