முதல் வரிசையில் சுழியம் இருந்தால் XIRR தவறான விடை தருகிறது: சூத்திரம் வேண்டும்

கோத்தகிரியில் பச்சைத் தேயிலைப் பணம் கைக்கு வரும்போதெல்லாம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதால், எங்கள் முதலீட்டுத் தேதிகள் சீராக இருப்பதில்லை.

ஒரு ஃபண்டில் 1-4-2023 அன்று 1,00,000 ரூபாயும் 15-1-2024 அன்று இன்னொரு 1,00,000 ரூபாயும் போட்டோம். 31-3-2024 அன்று மதிப்பு 2,12,000. IRR தேதிகளைப் பார்க்காமல் ஒவ்வொரு இடைவெளியையும் சமமாகக் கொள்வதால் 3.95% என்கிறது. அது ஓர் இடைவெளிக்கான விகிதம்; இங்கே ஓர் இடைவெளி 289 நாள், மற்றது 76 நாள் என்பதால் அதை ஆண்டு விகிதமாக மாற்றவும் வழியில்லை. நாட்களை 365ஆல் வகுத்துக் கணக்கிடும் XIRR தரும் 10% தான் வங்கி வைப்பு வட்டியோடு ஒப்பிடத் தக்கது.

சிக்கல் எக்செல் 2016இல், எல்லா ஃபண்டுகளுக்கும் பொதுவான தேதிப் பட்டியலில் வருகிறது. பின்னால் தொடங்கிய ஃபண்டின் முதல் வரிசை 0 என்பதால் விடை 2.98E-09 என்று வருகிறது.

```
=XIRR(C2:C40,$A2:$A40)
```

தேதிகள் எழுத்தாக இல்லை, கூட்டல் கழித்தல் குறிகள் சரி, தொடக்க ஊகத்தை மாற்றியும் பயனில்லை. சுழியமற்ற வரிசையிலிருந்து தொடங்கினால் மட்டும் சரியான விடை கிடைக்கிறது.

FILTER இல்லாத இந்தப் பதிப்பில், ஒவ்வொரு நெடுவரிசையிலும் முதல் சுழியமற்ற தொகையைத் தானே கண்டுபிடித்து, அங்கிருந்து XIRR கணக்கிடும் சூத்திரத்தை எப்படி எழுதுவது?