பெரியம்மாவுக்கு வயது 78, காவடி வீடியோவுக்கு 18

(குடும்பக் குழு, டர்பன். தைப்பூசம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.)

சரஸ் பெரியம்மா, காலை 7:12
தேவா, நேற்று நீ அனுப்பிய காவடி வீடியோவைத் தொட்டால் கறுப்புத் திரைதான் வருகிறது. அதில் "Sign in to confirm your age" என்று எழுதியிருக்கிறது. கோயிலில் எடுத்த வீடியோவைப் பார்ப்பதற்கு என் வயதை யாருக்கு நான் உறுதி செய்ய வேண்டும்? முழங்கால் வலியால் இந்த ஆண்டு வர முடியவில்லை, வீட்டிலிருந்தாவது பார்க்கலாம் என்று நினைத்தேன்.

தேவன் மாமா, காலை 7:30
அக்கா, எனக்கும் புரியவில்லை. நேற்றிரவு பதினொரு மணிவரை விழித்திருந்து, 47 நிமிட வீடியோவை யூடியூபில் கோயில் கணக்கில் ஏற்றினேன். என் கைப்பேசியில் தடையில்லாமல் ஓடுகிறது. கோயில் இணையப் பக்கத்தில் பதித்ததும் ஓடவில்லை, அங்கே யூடியூபுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லி ஓர் இணைப்பு மட்டும் வருகிறது.

பாலன் சித்தப்பா, காலை 7:41
இது அரசாங்கச் சட்டம், அண்ணா. திரைப்படங்களுக்கு 13, 16, 18 என்று முத்திரை குத்தும் வாரியம் நம் நாட்டில் இருக்கிறதல்லவா, 2022 மார்ச் மாதத்திலிருந்து இணையத்தையும் அந்தச் சட்டத்திற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கன்னத்தில் வேல் குத்துவதைப் பார்த்து அவர்கள்தாம் 18 என்று போட்டிருப்பார்கள்.

நந்தினி, காலை 8:05
சித்தப்பா, சட்டம் 2022 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது என்பது சரி. ஆனால் நேற்றிரவு பதினொரு மணிக்கு ஏற்றிய கோயில் வீடியோவை வாரியத்தில் யாரும் உட்கார்ந்து பார்த்து வயது குறிக்கவில்லை. இது யூடியூபின் சொந்த விதி. ஒரு வீடியோவுக்கு இந்தக் கட்டு இரண்டு வழிகளில் விழும்: ஏற்றியவரே போட்டுக்கொள்ளலாம், அல்லது அவர்களுடைய கணினியோ பரிசீலனை செய்யும் ஆட்களோ பார்த்துப் போடலாம். அவர்கள் போட்டிருந்தால் மின்னஞ்சல் வந்திருக்கும். மாமா, கோயில் கணக்கின் அஞ்சல் பெட்டியில் அப்படி ஏதாவது வந்திருக்கிறதா?

தேவன் மாமா, காலை 8:19
எதுவும் வரவில்லை, நந்தினி. மின்கட்டண நினைவூட்டல்தான் இருக்கிறது.

நந்தினி, காலை 8:24
அப்படியானால் நீங்களே போட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏற்றும்போது "Is this video made for kids?" என்ற கேள்விக்கு என்ன விடை கொடுத்தீர்கள்?

தேவன் மாமா, காலை 8:33
குழந்தைகளுக்காக எடுத்ததில்லை என்று கொடுத்தேன். அதன் கீழே இன்னொரு வரி மடிந்திருந்தது, அதை விரித்தால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமா என்று கேட்டது. அலகு குத்தும் காட்சி இருக்கிறதே, சின்னப் பிள்ளைகள் பயந்துவிடக்கூடாது என்று எண்ணி, ஆம் என்று கொடுத்தேன். பார்ப்பவர்களுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை காட்டுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நந்தினி, காலை 8:47
சிக்கல் அங்கேதான், மாமா. அந்த இரண்டு கேள்விகளும் அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று என்று தோன்றும், ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை. குழந்தைகளுக்காக எடுத்ததில்லை என்று சொன்னால் குழந்தைகள் பார்க்கக்கூடாது என்று பொருளாகாது. அது பொதுவான வீடியோ, அவ்வளவே. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றதும் கதவே பூட்டிக்கொள்கிறது. 18 வயதுக்குக் குறைந்த கணக்கில் நுழைந்தவர்களுக்கும், எந்தக் கணக்கிலும் நுழையாதவர்களுக்கும் அது திறக்காது. உங்கள் கைப்பேசியில் கோயில் கணக்கு நுழைந்தே இருப்பதால் உங்களுக்குத் தடை தெரியவில்லை. கோயில் பக்கத்தில் ஓடாததற்கும் இதுவே காரணம்: வேறு தளங்களில் பதித்தால் பெரும்பாலும் வீடியோ அங்கே ஓடாது, பார்ப்பவரை யூடியூபுக்கே அனுப்பிவிடும்.

நீங்கள் நினைத்த எச்சரிக்கை வேறு வகை. தற்கொலை போன்றவற்றைப் பேசும் சில வீடியோக்களுக்கு முன்னால், இதில் இப்படிப்பட்ட செய்தி இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு வரும், புரிந்துகொண்டேன் என்று பொத்தானை அழுத்திவிட்டு மேலே போகலாம். அதற்குக் கணக்கு தேவையில்லை, வயதும் கேட்பதில்லை. அதை அவர்களாகத்தான் வைக்கிறார்கள், ஏற்றுபவர் கேட்டு வாங்க முடியாது.

பாலன் சித்தப்பா, காலை 9:02
எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒயின் விற்கும் தளங்களில் "உங்களுக்கு 18 ஆகிவிட்டதா" என்று கேட்டு, ஆம் என்றால் விட்டுவிடுகிறார்கள். இவர்களும் அப்படியே கேட்டுத் தொலைக்கலாமே, கணக்கு எதற்கு? நம் தகவலைச் சேர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

நந்தினி, காலை 9:20
தகவல் சேர்ப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்துவது சின்னப் பையன் கவினுக்கும் எளிது, பெரியம்மாவுக்கும் எளிது. கணக்கில் நுழையாத கைப்பேசி அந்தத் தளத்துக்கு முகம் தெரியாத ஓர் ஆள், அதைப் பிடித்திருப்பது 78 வயதுக் கையா 11 வயதுக் கையா என்று அறிய வழியில்லை. வயதைப் பற்றி அங்கே ஒரே இடத்தில்தான் குறிப்பு இருக்கிறது, அது கணக்கு திறந்தபோது கொடுத்த பிறந்த நாள். நம் பாட்டில் ஸ்டோர்க்காரர் உங்களிடம் ஒருமுறை வயது கேட்டுப் பேரேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை பேரேட்டைப் பார்த்தே பொருள் தருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாமல் வருகிறவருக்குப் பேரேட்டில் பக்கம் இல்லை.

அந்தப் பேரேட்டில் இருப்பதும் நாமே சொன்னதுதான், அதனால் இது உறுதியான சான்று ஆகாது. பொய்யாக 1990 என்று போட்டுக் கணக்கு திறந்த பிள்ளையை இது தடுக்காது. ஆனால் பெற்றோர் மேற்பார்வையில் திறந்து கொடுத்த கணக்கை இது நன்றாகவே தடுக்கும்.

சுகந்தி (லண்டன்), காலை 9:31
இங்கே பேரேட்டோடு விடுவதில்லை. எனக்கு வயது 52, பதினைந்து ஆண்டுக் கணக்கு, அப்படியும் ஒருமுறை கடன் அட்டையையோ அடையாளச் சீட்டையோ காட்டச் சொன்னது. அட்டையைக் கொடுத்தேன், பணம் எதுவும் போகவில்லை.

நந்தினி, காலை 9:38
ஆமாம் அக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் சட்டம் கேட்பதால் அந்த இரண்டாம் படி உண்டு. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டு முதல் இன்னொரு வழி: என்னென்ன தேடுகிறார், பார்க்கிறார் என்பதை வைத்துக் கணினியே வயதை ஊகிக்கத் தொடங்கியிருக்கிறது.

சரஸ் பெரியம்மா, காலை 9:55
நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். அது ஏற்கெனவே கணக்கில் நுழைந்துதான் இருக்கிறது, மேல் மூலையில் வட்டமாக ஒரு படம் தெரிகிறது. அதிலும் காவடி வரவில்லை. கணக்கு இருந்தால் போதும் என்றாயே, நந்தினி?

நந்தினி, காலை 10:01
பெரியம்மா, அந்த வட்டத்தில் இருப்பது யாருடைய படம்?

சரஸ் பெரியம்மா, காலை 10:06
கால்பந்து ஒன்று இருக்கிறது.

நந்தினி, காலை 10:08
அது கவினின் கணக்கு. தொலைக்காட்சியின் முன் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும், அதன் கண்ணுக்கு உட்கார்ந்திருப்பவன் கவின், அவனுக்கு வயது 11.

பாலன் சித்தப்பா, காலை 10:15
அப்படியானால் பையனின் பிறந்த ஆண்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுமே.

நந்தினி, காலை 10:22
வேண்டாம், சித்தப்பா. பெரியம்மா ஒரு காவடி பார்ப்பதற்காக அவனுக்குப் போட்டுவைத்த காப்பை எல்லாம் கழற்றிவிடுவதாகும், அதற்குப் பிறகு இரவில் அவன் எதைப் பார்க்கிறான் என்று அவன் அம்மாவுக்குத் தெரியாது. அந்த வட்டத்தின் மேல் போய் அழுத்தினால் கணக்கை மாற்றும் பட்டியல் வரும், பெரியம்மா தம் கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். கவின் விளையாட வரும்போது திரும்ப அவன் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், அதை மறந்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

கோகிலா, காலை 10:40
எனக்கு வேறு மாதிரி. பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் நுழைந்திருக்கிறேன், எனக்கு 41 வயது, எனக்கும் திறக்கவில்லை. போரைப் பற்றிய ஆவணப்படங்களை வகுப்புக்குத் தேடும்போதும் இப்படித்தான் ஆகும். பள்ளி வைஃபையில் ஏதோ வடிகட்டி வைத்திருக்கிறார்கள் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன், ஆனால் இப்போது நான் ஃபீனிக்ஸில் வீட்டில் இருக்கிறேனே.

நந்தினி, காலை 10:58
வைஃபை காரணமென்றால் வீட்டில் திறந்திருக்கும், அக்கா. 2021 செப்டம்பர் முதல், பள்ளிகளுக்கான கூகுள் கணக்கில், இவர் 18 நிரம்பியவர் என்று பள்ளியின் கணக்கு நிர்வாகி குறித்து வைக்காவிட்டால் எல்லாரும் மாணவர்களாகவே கொள்ளப்படுவார்கள். ஆசிரியரும் அப்படித்தான், நீங்கள் போய் எந்தப் பிறந்த நாளையும் மாற்ற முடியாது. உங்கள் சொந்தக் கணக்கில் அதே இணைப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஓடினால், ஆசிரியர்களை ஒரு தனிக் குழுவாக்கி 18 நிரம்பியவர்களாகக் குறிக்குமாறு நிர்வாகியிடம் கேளுங்கள்.

கோகிலா, காலை 11:09
சொந்தக் கணக்கில் ஓடுகிறது. திங்கட்கிழமை பள்ளியில் கேட்கிறேன், நிர்வாகி யார் என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

தேவன் மாமா, காலை 11:20
என் வீடியோவுக்கு வருவோம். பூட்டை நான் எடுத்துவிடலாமா?

நந்தினி, காலை 11:31
எடுக்கலாம், நீங்களே போட்டதை நீங்களே எடுக்க முடியும். யூடியூப் ஸ்டூடியோவில் வீடியோவின் விவரங்களைத் திறந்து, "Age restriction (advanced)" என்பதை விரித்து, "No, don't restrict my video to viewers over 18 only" என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். பட்டியலில் கட்டுப்பாடுகளுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது, சற்று நேரம் கழித்து அதில் வயதுக் குறிப்பு மறைந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு கணக்கிலிருந்து வெளியேறி இணைப்பைத் திறந்து சோதியுங்கள், நுழைந்த நிலையிலேயே சோதித்தால் உங்களுக்கு எப்போதும் ஓடும்.

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்ற உங்கள் கவலை நியாயமானது. வீடியோவின் தொடக்கத்தில், 12ஆம் நிமிடத்திலிருந்து அலகு குத்தும் காட்சி வருகிறது என்று ஓர் எழுத்துப் பலகையை நீங்களே சேர்த்துவிடுங்கள். விவரக் குறிப்பிலும் எழுதுங்கள்.

பாலன் சித்தப்பா, காலை 11:45
அண்ணா எடுத்துவிட்ட பிறகு யூடியூப்காரர்களாகவே திரும்பப் போட்டுவிட்டால்?

நந்தினி, காலை 11:57
போடலாம். சமயச் சடங்கு என்ற சூழலைப் பார்த்து விடுவதும் உண்டு, நெருக்கமாக எடுத்த காட்சியைக் கணினி வெறும் காயமாகக் கருதுவதும் உண்டு. அப்போது மின்னஞ்சல் வரும், பூட்டை நாமாக எடுக்க முடியாது, மேல்முறையீடு செய்யலாம். வேல் நுழையும் அந்தக் காட்சியைச் சற்றுத் தள்ளி நின்று எடுத்ததாக மாற்றினால் வாய்ப்பு கூடும் என்பது என் எண்ணம்.

தேவன் மாமா, மதியம் 12:10
அதற்கு நான் இசையமாட்டேன். வேல் நுழையும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, அதற்காகத்தான் நெருங்கிப் போய் எடுத்தேன்.

பாலன் சித்தப்பா, மதியம் 12:14
அண்ணா சொல்வது சரி. பூட்டோடு இருந்தாலும் பரவாயில்லை, அதை வெட்டக்கூடாது.

நந்தினி, மதியம் 12:16
பூட்டோடு இருந்தால் கணக்கில்லாத பெரியவர்கள் பார்க்க மாட்டார்கள், சித்தப்பா. கோயில் குழுவில் பேசி முடிவெடுங்கள்.

தேவன் மாமா, மதியம் 12:48
இப்போதைக்கு எடுத்துவிட்டேன். வெளியேறிச் சோதித்தேன், ஓடுகிறது. அக்கா, பாருங்கள்.

சரஸ் பெரியம்மா, மதியம் 1:37
பார்த்துக்கொண்டிருக்கிறேன். 31ஆம் நிமிடத்தில் மஞ்சள் சேலையில் பால்குடம் எடுத்து வருவது நம் கோகிலாதானே? கவினும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், வேல் குத்தும் இடத்தில் மட்டும் என் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டான்.