புதுப்பிப்பு: மகனின் சாப்பாட்டுப் பெட்டியும் பூசணி ரொட்டியும்

முன்பு நான் இங்கே கேட்டது: "மூன்றாம் வகுப்பு மகன் மரக்கறியைக் கண்டாலே பெட்டியை மூடிவிடுகிறான். என்ன கட்டிக் கொடுக்கலாம்?"

அதற்குப் பதில் எழுதிய கிளிநொச்சி அக்கா சொன்ன பூசணி ரொட்டிதான் கைகொடுத்தது. முதல் நாள் பூசணியைத் தண்ணீரில் அவித்தேன். மா கையில் ஒட்டியது. இன்னும் மா போட்டேன். இடைவேளைக்குள் ரொட்டி தோல்போல ஆகி அப்படியே திரும்பி வந்தது.

"தண்ணீரில் போடாதேங்கோ, நீராவியில் அவியுங்கோ" என்றார் அக்கா. இப்போது புட்டுப் பானையில் அவித்து, ஆறவிட்டு, துணியில் பிழிந்து மசிக்கிறேன். இரண்டு கப் கோதுமை மாவுக்கு முக்கால் கப் மசியல், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு. குழைத்துப் பார்த்த பிறகே, தேவையென்றால் தண்ணீர் தெளிக்கிறேன். கையில் ஒட்டாமல் உருண்டால் சரி. சூடாக மூடினால் வியர்த்து நைந்துவிடும், ஆறவிட்டே கட்டுகிறேன்.

முருங்கையிலையை அரைத்துக் கலந்தால் தெரியாது என்றார் ஒரு தம்பி. சுவை தெரியவில்லை, உண்மைதான். ஆனால் பச்சை நிறத்தைப் பார்த்ததுமே மகன் பிய்த்து வைத்துவிட்டான்.

நேற்றுப் பெட்டி வெறுமையாக வந்தது, சம்பல் மட்டும் மிச்சம். பூசணிக் கறியை இன்னும் தொடுவதில்லை. ரொட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவனிடம் சொல்லவா வேண்டாமா?