புதுப்பிப்பு: 3 மா 25 குழி

நான் முன்பு கேட்டது: "தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரத்தில் 3 மா 25 குழி என்றிருக்கிறது. ஆங்கிலத்தில் எத்தனை ஏக்கர் என்று எழுதுவது?"

வேலை முடிந்தது. குழி 576 சதுர அடி என்று ஒரு நண்பர் சொன்னது காணி என்ற அளவில் நிலத்தைக் கணக்கிடும் ஊர்களுக்குச் சரி. இங்கே அதைப் போட்டால் 4.3 ஏக்கர் வந்துவிடும்! நில அளவை தெரிந்த ஐயா ஒருவர் திருத்தினார்: இங்கே 12 அடிக் கோல், குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. அப்படியானால் 325 குழி 46,800 சதுர அடி, அதாவது 1.07 ஏக்கர். பட்டாவில் 0.43.5 ஹெக்டேர். இரண்டும் ஒத்துப்போனதும்தான் மனசு ஆறியது.

மா, குழியை ஒலிபெயர்த்து அப்படியே விட்டு, ஏக்கரை அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்த்தேன். அடிக்குறிப்புதான் முறை என்கிறார் ஐயா. அதில் இன்னும் பேச்சு முடியவில்லை.

அப்புறம், யாழ்ப்பாண நில அளவைக் கேட்டவருக்கு: உங்களுடையது பரப்புக் கணக்கு, ஏக்கருக்கு 16 பரப்பு.